நாற்பது லிஃப்ட் பயணங்கள்

சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, உடைந்த பைப்பைப் படம் எடுக்கப் போனால், "இடம் இல்லை" என்கிறது போன். நான் பிளம்பர்; வீட்டுக்காரருக்குப் படம் அனுப்பினால்தான் வேலையைத் தொடங்க முடியும். இடத்தை யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்? வேறு யார், எங்க மாமாதான்!

அக்கா புருஷன். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து பாட்காஸ்ட் நடத்துகிறார். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். சப்ஸ்கிரைப் செய்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அதில் அவரும் ஒருவர். என் போனைப் பிடுங்கி, புதிதாக வந்தால் தானாக டவுன்லோட் ஆகும்படி செய்துவைத்ததும் அவரே. நாற்பது எபிசோடு, ஏழு ஜிபி!

வந்த கோபத்தில் அன்சப்ஸ்கிரைப் செய்தேன். அதோடு எல்லாம் ஒழியும் என்று நினைத்தேன். ஒழியவில்லை. புதியது வராதாம், இறங்கியது அப்படியே கிடக்குமாம். அதைத் தனியாக அழிக்க வேண்டும். அழிக்க உட்காருவதற்குள் அக்கா வீட்டிலிருந்து போன்: "உடனே வாடா, உங்க மாமா சாப்பிட மாட்டேங்கறார்."

ஐந்து நாலாகிவிட்டதாம்.

"நம்மள்ல ஒருத்தர் போயிட்டாங்க," என்றார் மாமா, எழவு வீட்டுக் குரலில். "போனை எல்லாம் மேசை மேல வைங்க."

என் போனைத் திறந்து டவுன்லோட் பக்கத்தை மட்டும் பார்த்தார். நாற்பதும் வரிசையாக இருந்தன. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"மச்சான்னா நீதாண்டா மச்சான்!"

அடுத்து அக்கா போன். ஒன்றுகூட இல்லை.

"அப்போ நீதானா?" என்றார். அக்கா முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, போனது நான்தான். அழிக்க நேரமில்லாம கிடக்குது, அவ்வளவுதான். ஒண்ணுகூடக் கேட்டதில்ல. அக்கா இன்னும் சப்ஸ்கிரைப்லதான் இருக்கா, பாருங்க."

மாமா அக்காவின் போனில் நிகழ்ச்சியின் பட்டியலைத் திறந்தார். நாற்பதுக்கும் பக்கத்தில், கேட்டு முடித்ததற்கான குறி.

"கேட்டுட்டுத்தான் அழிச்சேன்," என்றாள் அக்கா. "அடுத்ததுக்கு இடம் வேணாமா?"

"எப்படி இருந்துச்சு?" என்றார் மாமா, பரீட்சை எழுதியவர் மாதிரி.

"பதினேழாவதுல கடைசி வரைக்கும் கதவே திறக்கல. நீங்க உள்ள மாட்டிக்கிட்டீங்களோன்னு அழுதுட்டேன்."

நான் திரும்பவும் சப்ஸ்கிரைப் செய்தேன், தானியங்கி டவுன்லோடை மட்டும் நிறுத்திவிட்டு. முப்பத்தொன்பதை அழித்தேன். மறுநாள் பைப்பைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, சிங்க்குக்கு அடியில் படுத்தபடி பதினேழாவதைப் போட்டேன். இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. மனுஷன் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், எனக்கு வேலையே ஓடவில்லை.