பூசணியின் எடை

கொத்தனாருக்கு இரட்டைப் பிள்ளைகள். பிறந்த புதிதில் எவன் எவன் என்று பெற்றவளே திணறுவாள். ஒன்றரை வயதில் அந்தக் குழப்பம் யாருக்கும் இல்லை. ஒருவன் எலும்பும் தோலுமாய், கிழவன் முகத்தோடு, எதைக் கண்டாலும் வாயைத் திறந்தான். அவன் குச்சி. இன்னொருவனுக்குக் கன்னம் உப்பி, காலெல்லாம் தளதளவென்று இருந்தது. அவன் பூசணி.

தாய்க்காரி நெடுங்காய்ச்சலில் விழுந்ததும் தாய்ப்பால் நின்றது. இருவருக்கும் ஒரே பானையில் கஞ்சித் தண்ணீர். எப்போதாவது முட்டை கிடைத்தால் கொத்தனார் அதைக் குச்சிக்கே ஊட்டுவார். பூசணிதான் நன்றாக இருக்கிறானே, தாங்குவான் என்ற நினைப்பு.

ஆகவே மருத்துவமனைக்கு அவர் கொண்டுவந்தது குச்சியைத்தான். பூசணியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவனையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

குழந்தைகள் வார்டின் நர்ஸ் குச்சியை நிறுத்துப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, பூசணியின் இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலை வைத்துச் சற்று நேரம் அழுத்தி எடுத்தாள். ஈர மண்ணில் வைத்ததுபோலக் குழி அப்படியே நின்றது.

"அண்ணே, இது சதை இல்ல. நீர்."

"என்னம்மா சொல்றீங்க?"

"ரெண்டு பேருக்கும் சத்தில்லாத நோய்தான். ஒருத்தன் உருகிட்டான், ஒருத்தன் வீங்கிட்டான். ஒரே வீட்ல ஏன் இப்படி ரெண்டு விதமா வருதுன்னு பெரிய டாக்டருக்கே முழுசாத் தெரியாது. மெலிஞ்சவன் பசிக்குதுன்னு அழறான், அது நல்லது. இவன் அழக்கூட மாட்டேங்கறான். முடி வெளுத்திருக்கு, தோல் உரியுது. இவனைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

குச்சிக்கே ஊட்டிய முட்டைகளெல்லாம் கொத்தனாருக்கு நினைவுக்கு வந்தன.

முதலில் சர்க்கரைத் தண்ணீர், கதகதப்பான போர்வை, கிருமிக்கு மருந்து. பிறகு அளந்து ஊற்றிய நீர்த்த பால், சிறிது இடைவெளி விட்டு, இரவு பகல் ஓயாமல். பூசணி முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அவனுக்கு மூக்கு வழியே குழாய். கோப்பையைப் பார்த்ததும் கொத்தனாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"குருவிக்கு ஊத்துறீங்களா? சத்தில்லாமத்தானே இப்படி ஆச்சு? நிறையக் குடுத்தா என்னவாம்?"

நர்ஸ் கோபப்படவில்லை. "பட்டினி கெடக்குற உடம்பு கடையைப் பாதி சாத்திடும், அண்ணே. இதயம், ஈரல், குடல் எல்லாம் சோம்பிக் கெடக்கும். திடீர்னு கெட்டியா ஊத்தினா, ரத்தத்துல இருக்குற உப்புச் சத்தெல்லாம் ஒரே மூச்சுல சதைக்குள்ள ஓடிடும். இதயம் தடுமாறி நின்னுடும். பட்டினியில தப்பின பிள்ளை சோத்துல போயிடும்."

தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை.

ஒரு காலையில் எடை பார்த்தார்கள். குச்சி அப்படியே இருந்தான். பூசணியின் எடை சரசரவென்று இறங்கியிருந்தது. நர்ஸ் புன்னகையோடு அடுத்த கட்டிலுக்குப் போனாள். பிள்ளை கரைகிறான், இவள் சிரிக்கிறாள்! கொத்தனார் விடுவிடுவென்று கடைத்தெருவுக்கு நடந்தார். பெரிய டம்ளர் நிறையக் கெட்டிப் பால், ஆடையும் சர்க்கரையுமாய் வாங்கி, துண்டில் மறைத்துக் கொண்டுவந்தார்.

பூசணியை மடியில் சாய்த்து, டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். மகனின் பாதம் அவர் விரலில் பட்டது. ஏனோ, நர்ஸ் செய்தது போலவே கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

குழி விழவில்லை.

மறு பாதத்திலும் அழுத்தினார். இல்லை. சுவரில் ஓதம் காய்ந்திருக்கிறதா என்று தொட்டே சொல்லும் விரல் அது, பொய் சொல்லாது. இறங்கியது பிள்ளையில்லை, தண்ணீர். அந்தக் குருவிப் பால் உள்ளே போய், யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒரு வீட்டையே உலர்த்திக்கொண்டிருக்கிறது. கொத்தனாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ சுவர் எழுப்பியவர், இப்படி ஒரு வேலையை எங்கும் பார்த்ததில்லை. டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தார்.

வீக்கம் வடிய வடிய, பூசணிக்குள்ளிருந்து வேறொரு முகம் வெளியே வந்தது. கன்ன எலும்பு, கூர் மோவாய், பெரிய கண்கள். குழாயையும் எடுத்துவிட்டார்கள்.

அன்று கொத்தனார் காய்ச்சல் வார்டில் படுத்திருந்த தாய்க்காரியைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது வார்டையே கிடுகிடுக்க வைத்தது ஒரு அழுகை. ஒரே கட்டிலில் ஒட்டி உலர்ந்த உடம்போடு இரண்டு பிள்ளைகள். ஒருவன் அசந்து தூங்கினான். மற்றவன் நர்ஸின் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, போதாது போதாது என்று வீறிட்டான்.

"டேய் குச்சி, பொறுடா! இனிமே கொஞ்சம் கொஞ்சமா கூட்டித் தருவாங்க," என்று ஓடிவந்தார் கொத்தனார்.

நர்ஸ் கோப்பையை விடாமல் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, குச்சி தூங்கறான். இது பூசணி."