மை வராத பிரதி

"அக்கா, இதுல ஒண்ணுமே எழுதலியே. பிரிண்ட் போட்டுடவா?"

சிதம்பரம் கீழ வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ராஜவேல் கணினித் திரையை மதுரா பக்கம் திருப்பினான். விலங்கியல் பாடநூலின் பக்கங்கள் ஒவ்வொன்றாக ஓடின. அச்சு எழுத்து இருந்தது. படங்கள் இருந்தன. இரண்டு வருஷமாக மதுரா டேப்லெட்டில் பேனாக்குச்சியால் எழுதிய சிவப்பும் பச்சையும் மட்டும் எங்குமே இல்லை.

"நல்லா பாருங்க ராஜவேல். ஓரமெல்லாம் எழுதியிருப்பேன். முன்ன பரீட்சைல கேட்ட கேள்விங்க சிவப்புல, சுருக்கம் பச்சைல."

"சில ஃபைல்ல எழுத்து மறைஞ்சி கெடக்கும் அக்கா. காட்டச் சொன்னா காட்டும்." அவன் எதையோ அமுக்கினான். வேறொரு செயலியிலும் திறந்து பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "ம்ஹும். மறைஞ்சில்லாம் இல்ல. மையே ஏறல."

மதுரா தானே பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு அடுத்த மாதம். வயது வரம்பு இந்தத் தடவையோடு முடிகிறது. தனியார் பள்ளியில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்து, அடுப்பை அணைத்த பிறகு உட்கார்ந்து எழுதியதெல்லாம் அந்த ஓரங்களில்தான் இருந்தது. நோட்டுப் போடவில்லை. அதுக்கு ஏது நேரம்?

பக்கத்தில் நின்ற கணவன் சிவபிரசாத்தைப் பார்த்தாள். அவன் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. டேப்லெட் கம்பெனியுடையது. வேலை மாறுவதால் காலையில் கடலூர் போய், மேலாளர் அம்பலவாணனிடம் அதை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தான்.

"என்னங்க, எப்படி எடுத்தீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான். எக்ஸ்போர்ட் போட்டேன். எழுத்தோடயா, ஒரிஜினலான்னு ரெண்டு கேட்டுச்சு."

"எழுத்தோடன்னு போட்டீங்களா?"

"மொதல்ல அதான் போட்டேன். பாதி ஓடி, பென்டிரைவ்ல எடம் பத்தலன்னு நின்னுடுச்சு. அம்பலவாணன் சார் வேற தலைக்கு மேல நின்னாரு. 'எல்லாத்தையும் அழிச்சி ரீசெட் போட்டு வாங்கணும், எனக்கு மீட்டிங் இருக்கு'ன்னு. உனக்கு ரெண்டு தடவ போன் அடிச்சேன், மது."

"ஸ்கூல் நேரத்துல போனு ஆபீஸ் பீரோல இருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்... அதான் ஒரிஜினல்னு போட்டேன். டக்குனு வந்துச்சு. ஒரிஜினல்னா அசல்தானே, அசல்ல எல்லாம் இருக்கும்னு..."

"அசல்னா நான் எழுதறதுக்கு முந்தினது!"

ராஜவேல் மெல்லக் குறுக்கிட்டான். "அந்த மிஷின்ல திரும்ப எடுக்க முடியுமான்னு கேளுங்க அண்ணா."

சிவபிரசாத் ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்பலவாணன் சார், அந்த டேப்லெட்ட..."

"அது ஆச்சேப்பா. நீ கெளம்புன ஒடனே ரீசெட் போட்டாச்சு. புதுப் பையன் கைல குடுத்து திருவந்திபுரம் பக்கம் டாக்டரைப் பாக்க அனுப்பிட்டேன். ஏன், உன் போட்டோ ஏதாவதா?"

"இல்ல சார். என் வொய்ஃப் எழுதினது."

"கூகுள்ல ஏறியிருக்கும், பாரு."

"கம்பெனி டேப்லெட்ல சொந்த அக்கவுண்ட் போடக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"அப்ப கஷ்டம்தான்ப்பா. மறுபடி எழுதச் சொல்லு, மனசுல நல்லா பதியும்" என்றார். வைத்துவிட்டார்.

மறுபடி எழுதச் சொல்லு. மதுரா சிரித்தாள். கடைக்கு வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிப்பு அது.

"குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ தெறந்து பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்தேன் மது. சத்தியமா பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பத்து இருபது பக்கம் தள்ளிப் பாத்தேன். பளிச்சுனு இருந்துச்சு. சரியா வந்துடுச்சுன்னுதான் ரீசெட்டுக்கு ஓகே சொன்னேன்."

அவள் சிரிப்பு நின்றது.

"பளிச்சுனு இருந்தா அது என்னுதுன்னு எப்படிங்க நெனச்சீங்க? நான் எழுதின பக்கத்துல வெள்ளையா எடமே இருக்காதே."

இரண்டு வருஷம் ஒரே அறையில் அவன் டிவி பார்த்திருக்கிறான், அவள் எழுதியிருக்கிறாள். 'இன்னுமா முடியல, லைட்ட அணை' என்று சொல்லியிருக்கிறான். என்ன எழுதுகிறாய் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது அது அவனுக்கும் தெரிந்துபோனது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நான் உன் கூட ஒக்காந்து எழுதித் தரேன். நீ சொல்லு. சிவப்பு எங்க, பச்சை எங்கன்னு சொல்லு."

ராஜவேல் திரையில் இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் நின்றிருந்தது. அதைச் சுற்றித்தான் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள். மதுரா குனிந்து பார்த்தாள். என்ன எழுதினோம் என்று ஒரு வரியும் வரவில்லை. எழுதின இடம் மட்டும் நினைவிருந்தது.

"பிரிண்ட் வேணாம் ராஜவேல்" என்றாள்.

"மது..."

"நீங்க வண்டிய எடுங்க. நான் நடந்து வரேன்."

அவன் வண்டியை எடுக்கவில்லை. நாலு அடி பின்னால் அதைத் தள்ளிக்கொண்டே வந்தான். அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை.