மூன்று வயர்

கட்டாரில் வேலை செய்யும் கஜேந்திரன், ஊருக்கு வந்த கூட்டாளியிடம் வீட்டுக்கு ஒரு கேம் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தான். இலங்கையின் றக்வானைத் தேயிலைத் தோட்டத்து வீட்டில் அதைப் பிரித்த அவன் மனைவி தனுஜாவுக்கு எரிச்சலாக வந்தது. அவள் கேட்டது ரைஸ் குக்கர். உள்ளே இருந்த மூன்று வயர்களையும் வீடியோ அழைப்பில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

“இந்தத் தடிச்சது என்னாத்துக்கு?”

“கரண்டுக்கு. ஒரு முனை பெட்டியில, மத்தது பிளக்குல.”

“ரெண்டு முனையும் தட்டையா ஒரே மாதிரி இருக்கே, இது?”

“எச்டிஎம்ஐ. பெட்டியில இருந்து டிவிக்கு. படம், சத்தம் ரெண்டும் அதுலயே போயிரும்.”

“இந்தக் குட்டி?”

“கையில புடிச்சு ஆடுற கன்ட்ரோலருக்கு. மொதல்ல இந்த வயர்ல பெட்டியோட மாட்டி, கன்ட்ரோலர்ல நடு பட்டன அமுக்கு. ரெண்டும் சேந்துக்கும். அப்பறம் வயர் இல்லாம தள்ளி உக்காந்தே ஆடலாம்.”

“அப்ப இத வீசிறவா?”

“ஐயோ, வேணாம்! சார்ஜ் எறங்குனா மறுபடி இதுலதான் மாட்டணும்.”

தனுஜா அந்த வயரை விரலில் சுற்றினாள். கல்யாணமான மூன்றாம் மாதமே விமானம் ஏறிய மனுஷன்.

“உங்களுக்கு எப்பங்க சார்ஜ் எறங்கும்?” என்றாள். “எனக்கு எப்பவோ எறங்கிருச்சு.”