காலாவதி ஆகும் பாயிண்ட்

அண்ணிக்குப் பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் கெடு. அதற்குள் சரியான விளக்கம் சொல்லவில்லை என்றால் வேலை போகும், போலீஸிலும் புகார் போகும். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தணிக்கைக்காரர் இதைக் காலை ஒன்பதரைக்கே சொல்லிவிட்டார். எதையும் விடாமல் சலித்தெடுக்கிற ஆள் என்பதால் கடையில் அவருக்குச் சல்லடை என்று பெயர்.

எங்களுடையது வீட்டுச் சாமான் கடை. மிக்சி, மெத்தை, நாற்காலி எல்லாம் கிடைக்கும். நான் உள்ளறையில் கணக்கு எழுதுகிறேன். அண்ணி, அதாவது என் அண்ணனின் மனைவி, முன்பக்கம் ரிட்டர்ன் கவுன்டரில் இருக்கிறாள். வேலைக்குச் சிபாரிசு செய்தது நான்தான். அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போய் எட்டு மாதமாகப் படுத்திருக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

சல்லடை ஒரு காகிதத்தை என் மேஜையில் போட்டார். "மூணு மாசத்துல நாப்பத்தோரு நல்லெண்ண கிரெடிட். மொத்தம் நாப்பத்தாறாயிரத்து முந்நூறு. எல்லாம் அந்தம்மா கையால போட்டது. எல்லாமே ரிட்டர்ன் வந்த ஆர்டர். கஸ்டமருக்கு முறைப்படி திரும்பப் போக வேண்டியது போயிருச்சு, அதுக்கு மேல இது எதுக்கு?"

நல்லெண்ண கிரெடிட் என்பது கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தக் கடை கொடுக்கும் கடைப்பணம். பிறகு இங்கேயே செலவழிக்கலாம். மூவாயிரம் வரைக்கும் கவுன்டரில் இருப்பவரே, யாரையும் கேட்காமல் போடலாம்.

"யாரோட கூட்டு? பாதிக்குப் பாதியா?" என்றார் சல்லடை.

அண்ணி கதவோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், உடனே தரையைப் பார்த்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வாயில என்ன இருக்கு? சொல்லித் தொலைங்களேன் அண்ணி!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். எடுத்ததற்கெல்லாம் கத்துவேன், அது என் பிறவிக்குணம்.

"பாயிண்ட் காணாம போனவங்களுக்குக் குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

"பாயிண்ட் எப்படிம்மா காணாம போகும்?" சல்லடை சிரித்தார். "மணி பத்தாகப் போகுது."

அவர் தேநீர் குடிக்கப் போனார். அண்ணி கவுன்டருக்குத் திரும்பினாள். அவள் சொன்னதைச் சோதிக்க, நான் பட்டியலின் முதல் ஆர்டரைத் திறந்தேன். நாலாயிரத்துக்கு ஒரு மிக்சி. பாயிண்ட் என்பது பொருள் வாங்கும்போதெல்லாம் வாடிக்கையாளர் கணக்கில் சேர்வது, ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய்க்குச் சமம். வாங்கினவர் ஆயிரத்து இருநூறைப் பாயிண்டாகவும், எண்ணூறைக் கடைப்பணமாகவும், இரண்டாயிரத்தைக் கார்டிலும் கொடுத்திருந்தார். பதினொரு நாள் கழித்துத் திருப்பிவிட்டார். கார்டுக்குக் கார்டு, கடைப்பணத்துக்குக் கடைப்பணம், பாயிண்டுக்குப் பாயிண்ட் என்று மூன்றும் வந்த வழியே போயிருந்தன. வாங்கியபோது சேர்ந்த இருபது பாயிண்ட்டையும் சிஸ்டம் திரும்பப் பிடித்திருந்தது. எல்லாம் கச்சிதமாக இருந்தது. அப்புறம் ஏன் அண்ணி தனியாக இன்னொரு ஆயிரத்து இருநூறு கொடுத்தாள்?

அடுத்த வரியில் என் கண் நின்றது. திரும்பிப் போன ஆயிரத்து இருநூறு பாயிண்ட்டும் அன்று ராத்திரியே காலாவதி.

எங்கள் பாயிண்ட் எதுவானாலும் அதன் கெடு ஏதாவது ஒரு மாதக் கடைசியில்தான் முடியும். அதனால் கடைசி இரண்டு மூன்று நாளில் ஜனங்கள் அடித்துப் பிடித்துச் செலவழிப்பார்கள். அடுத்த மாதம் பொருளைத் திருப்பினால், சிஸ்டம் பாயிண்ட்டைப் பழைய தேதியோடு திருப்பிப் போடுகிறது. அந்தத் தேதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. பொருளும் கடையில், பாயிண்ட்டும் கடைக்கு! பில்லின் பின்பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறோம்? திரும்பி வரும் பாயிண்ட், திருப்பிய நாளிலிருந்து தொண்ணூறு நாள் செல்லும் என்று.

மூன்று மாதத்துக்கு முன் புது சிஸ்டம் வந்தபோது ஒரு படிவம் வந்தது. திரும்பிய பாயிண்டுக்குப் பழைய தேதியா, புதுத் தேதியா என்று ஒரு கேள்வி. பழையது என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தது நான்தான்.

அதோடு முடிந்ததா? பாயிண்ட் என்பது வாடிக்கையாளருக்குக் கடை பட்டிருக்கும் பாக்கி. அவர் செலவழித்தால் பாக்கி குறைந்து விற்பனையாகும். பொருளைத் திருப்பினால் விற்பனை குறைந்து பாக்கி மறுபடி ஏறும். காலாவதி ஆனால் அந்தப் பாக்கி கடைக்கு வருமானம். மாதாமாதம் அந்த வருமானத்தை எழுதியதும் நான்தான். "காலாவதி வருமானம் நல்லா ஏறியிருக்கே" என்று மேனேஜர் பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

திருப்பிய நாளிலேயே செத்த பாயிண்ட்டை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தேன். இருநூற்று மூன்று வரி. இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம். அண்ணி கொடுத்த நாற்பத்தொன்றும் அதில் இருந்தன, ரூபாய்க்கு ரூபாய் அதே தொகை. வந்து சண்டை போட்ட நாற்பத்தோரு பேருக்கு அவள் கொடுத்திருக்கிறாள். மீதி நூற்று அறுபத்திரண்டு பேருக்கு ஏமாந்ததே தெரியாது.

மணி பதினொன்றே முக்கால். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தப் பட்டியலை அப்படியே மூடிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் என் வேலைக்கும் ஆபத்து. நினைத்ததற்கு இப்போதும் கூசுகிறது.

பட்டியலை அச்செடுத்து, பழைய படிவத்தையும் ஒரு பில்லையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். சல்லடை பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அண்ணி எதிரே நின்றிருந்தாள்.

"அவங்க திருடல சார். தப்பு என்னோடது" என்றேன். படிவம், பில்லின் பின்பக்கம், இருநூற்று மூன்று வரி எல்லாவற்றையும் விரித்தேன். "நான் எழுதின வருமானமே தப்பு. அதைத் திருப்பி எழுதினா, அண்ணி குடுத்த செலவும் அதுல கழிஞ்சு போயிரும். மீதி நூத்தி அறுபத்திரண்டு பேரோட பாயிண்ட்டைப் புதுத் தேதி போட்டு ஏத்தணும்."

"மாட்டினதும் குடும்பமே ஒண்ணு சேர்ந்துட்டீங்களா?" சல்லடை பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு வரியாக விரல் இறங்கியது. நூற்றுப் பதினேழாவது வரியில் நின்றது. "இந்தப் போன் நம்பர்... உன் வேலை விண்ணப்பத்துல பாத்தேன், உன் புருஷனோடதுதானே? நாற்காலி, ரெண்டாயிரத்து அறுநூறு பாயிண்ட். ரிட்டர்ன்."

"ஆமா சார்" என்றாள் அண்ணி.

அவர் நாற்பத்தொன்றின் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே தேடினார். மறுபடி கீழிருந்து மேலே தேடினார். "இதுல இல்லையே. உன் வீட்டுக்கு மட்டும் ஏன் போட்டுக்கல?"

"கவுன்டர்ல உக்காந்துக்கிட்டு என் புருஷனுக்கு நானே போட்டா நல்லாவா இருக்கும்?"

சல்லடை பேனாவை மூடினார். அண்ணியைக் கவுன்டருக்குப் போகச் சொன்னார். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார், சம்பள உயர்வும் இந்த வருஷம் கிடையாது. கிடக்கட்டும்.

நடைவழியில் அண்ணியைப் பிடித்து நிறுத்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும் வந்தது. "இப்படி ஆகுதுன்னு முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனேம்மா. ரெண்டு மாசம் முன்னாடி, வீட்டுல சாப்பிடும்போது."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பாயிண்ட் திரும்பி வரலைன்னு மெதுவாகச் சொன்னாள். சிஸ்டம் தப்புப் பண்ணாது அண்ணி, உங்களுக்குத்தான் பார்க்கத் தெரியல என்று கத்தினேன். படுத்திருந்த அண்ணன்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"அந்த நாற்காலி அவருக்கு ஒத்துக்கல. முதுகுக்கு இதமா இன்னொண்ணு எடுக்கலாம்னு பாத்தேன்" என்றாள் அண்ணி. "பாயிண்ட் இல்லாம எடுக்க முடியல."

கவுன்டரில் ஒருவர் மிக்சியோடு காத்திருந்தார். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், அவரிடம் பில்லைக் கேட்டாள்.