மூக்குப்பொடி பூசிய ஷூ

போடி மலை ஏலக்காய்த் தோட்டத்தில் அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க மாட்டும் தடித்த காலுறையோடு புருஷன் முத்துக்கிருஷ்ணனைத் தாளில் நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் வரைந்து, நீளமானதை அளந்துதான் ஈஸ்வரி ஆன்லைனில் ஷூ வாங்கினாள். ஏழு நாளுக்குள் மாற்றலாம், கறை பட்டால் எடுக்கமாட்டார்கள் என்பதையும் முதலிலேயே வாசித்துக் காட்டினாள்.

பார்சல் வந்ததும் அவர் வேப்பெண்ணெயில் மூக்குப்பொடியைக் குழைத்து ஷூ முழுக்கப் பூசினார். பிறகுதான் காலை நுழைத்தார். நீளம் சரி, அகலம் போதாமல் பாதி பாதத்தோடு நின்றுவிட்டது.

ஈஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போட்டுப் பாக்குறதுக்கு முன்னாடியா பூசுவாக? இத எவன் திருப்பி எடுப்பான்?"

"ஏலத்தோட்டத்துக்குப் போற ஷூன்னா மொதல்ல அதத்தானே செய்வோம். இனி ஒரு அட்டை உள்ள போகாது."

"உங்க காலே உள்ள போகல. அட்டை எங்கிட்டுப் போகும்?"