நாலு ஐம்பது எவ்வளவு?

கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு நேர் எதிரே வீடு அமைந்தது என் பாக்கியம். மும்பைக்கு அடுத்த டோம்பிவிலியில் மழைக்காலம் முழுக்கத் துணி காயாது, வேறு பொழுதும் போகாது. கதவைச் சற்றே ஒருக்களித்து வைத்தால் ஐந்து மாடிச் சங்கதியும் தானாக உள்ளே வரும். நான் எதையும் தேடிப் போனதில்லை.

அந்த ஆடி மழையில் கட்டடமே நிலைகொள்ளாமல் இருந்தது. லிஃப்ட் ஏறும், இறங்கும், நடுவில் நிற்கும். பிரமிளா சாவந்த் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டுக்கு வருவாள், கிசுகிசுப்பாள், திரும்புவாள். ஹேமலதா துரி மட்டும் படியிலேயே போய்வந்தாள். லிஃப்டில் யாரோடும் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று.

காரணம் ரம்மி.

வைஜயந்தி கோத் வீட்டில்தான் முன்பெல்லாம் மத்தியான ஆட்டம் நடக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயித்தவள் பத்து ரூபாயை ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் போட வேண்டும். டீக்கும் வெங்காய பஜ்ஜிக்கும் என்பது வைஜயந்தியின் கணக்கு. டீயில் பால் இருந்ததா என்பது கடைசிவரை சர்ச்சைக்குரிய விஷயம். "இவ பஜ்ஜி போடறாளா, பஜ்ஜியைக் காட்டி நம்மளப் போடறாளா?" என்று என் வாசலில் நின்று கேட்டவள் பிரமிளாதான்.

அப்போதுதான் யாரோ ஒரு செயலியைப் பிரமிளாவின் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். முதல் தடவை பணம் போட்டால் போனஸ் என்றது. அந்த போனஸ் ஒரேயடியாகக் கைக்கு வராது. ஆட ஆடத்தான் துளித்துளியாகக் கழன்று வரும். அதை யார் படித்தார்கள்? தெரிந்தவர்கள் மட்டும் உட்காரத் தனி மேசை உண்டு, அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம், பஜ்ஜியும் வேண்டாம் டப்பாவும் வேண்டாம் என்று பிரமிளா, ஹேமலதா, சுஷமா கேல்கர், மந்தா பவார் நால்வரும் இடம் மாறினார்கள். வைஜயந்தி தனியாக உட்கார்ந்து டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காசு எங்க போயிடப்போகுது வஹினி? நாலு பேருக்குள்ளதான சுத்துது. இன்னிக்கி எங்கிட்ட, நாளைக்கி அவகிட்ட" என்றாள் பிரமிளா என்னிடம். மராத்தியில் வஹினி என்றால் அண்ணி; இந்தக் கட்டடத்தில் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணி.

இரண்டு மாதம் சுற்றியது. பிறகு ஒருநாள் பிரமிளா மெல்ல மந்தாவிடம் கேட்டாள், நீ எப்படி இருக்கே என்று. மந்தா நஷ்டம். சுஷமாவும் நஷ்டம். பிரமிளாவும் நஷ்டம், அவள் வீட்டுக்காரருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாலு பேருக்குள் சுற்றிய காசில் மூன்று பேர் தோற்றிருந்தால் நாலாமவள் என்ன ஆனாள்? சிறு குழந்தைகூடச் சொல்லிவிடும். போதாக்குறைக்கு ஹேமலதா அந்த வாரம்தான் புது மிக்ஸி வாங்கியிருந்தாள்.

"நானும் தோத்துட்டுதான்டி இருக்கேன்" என்றாள் ஹேமலதா.

"ஆமாமா. தோத்தவங்கதான் மிக்ஸி வாங்குவாங்க. நாங்க ஜெயிச்சதால அம்மில அரைக்கிறோம்" என்றாள் பிரமிளா.

மிக்ஸி அவள் அண்ணன் கொடுத்தது. அட்டைப்பெட்டி என் வாசல் வழியாகத்தானே போனது, கடைப் பில்லில் அவன் பெயரைப் பார்த்தேன். ஆனால் கேட்காத இடத்தில் சாட்சி சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

பேச்சோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் கட்டடத்தில் பிஷி உண்டு: பதினோரு பெண்கள், மாதம் ஆளுக்கு மூவாயிரம், குலுக்கலில் பெயர் வந்தவளுக்கு முப்பத்துமூவாயிரமும் மொத்தமாக. பத்து பேரும் எடுத்தாயிற்று. கடைசி மாதம் குலுக்கலே வேண்டாம், மிச்சமிருப்பது ஹேமலதா. அந்தப் பணத்தை நம்பித்தான் மகள் ருசாவுக்குக் பக்கத்து ஊர் கல்யாணில் நர்ஸிங் இடம் பிடித்து வைத்திருந்தாள். திங்கள்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு. பிஷி வசூல் பிரமிளாவின் பொறுப்பு; பணம் முழுவதும் அவள் பீரோவில்.

"எங்ககிட்ட அடிச்சதை முதல்ல கீழ வைக்கட்டும். அப்புறம் பிஷி" என்று பிரமிளா பூட்டிவிட்டாள்.

சுஷமா வங்கியில் முப்பது வருஷம் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவள்; எதையும் எழுத்தில் கேட்பவள். செயலிக்காரர்களுக்குப் புகார் அனுப்பினாள்: எங்கள் மேசையில் ஒருத்தி ஏமாற்றுகிறாளா? மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. சீட்டைக் கணினி தற்செயலாகக் கலைக்கிறது. வெளி ஆய்வகம் சோதித்துச் சான்று தந்திருக்கிறது. எதிரே ஆடுவது மனிதர்கள்தான், இயந்திரம் இல்லை. ஒருவர் சீட்டு இன்னொருவருக்குத் தெரிய வழியில்லை. உங்கள் மேசையில் முறைகேடு எதுவும் காணவில்லை.

சுஷமா அதை என் வாசலில் நின்று இரண்டு தரம் படித்தாள். "அப்படின்னா காசு எங்க?" என்றாள். பதிலில் அது இல்லை. புகாரிலும் அவள் அதைக் கேட்டிருக்கவில்லை.

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. கலைக்கிறதே தில்லுமுல்லு. ஹேமலதாவுக்கு மட்டும் ஜோக்கரா வருது" என்றாள் பிரமிளா. அப்படிச் சொல்லிவிட்டு அன்று மத்தியானமும் ஆடினாள், விட்டதைப் பிடிக்க. போனில் சீட்டு விழும் 'ஸ்லிக்' சத்தம் மாடிப்படிவரை கேட்டது. நான் கதவைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன். வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, ஹேமலதா ஒன்றும் செய்யாமல் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பிஷிக் கூட்டம், வைஜயந்தி வீட்டில். நான் சீக்கிரமே போய் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவல் உப்புமா தட்டு சுற்றியது, யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிரமிளா பையை மடியில் அணைத்து வைத்திருந்தாள்.

ஹேமலதா உள்ளே வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன். அவள் நேராக அலமாரிக்குப் போய் அந்தப் பால்பவுடர் டப்பாவை எடுத்து நடுவில் வைத்தாள்.

"வைஜயந்தி வஹினி, உங்க சீட்டுக்கட்டையும் எடுங்க. நாங்க நாலு பேரும் பத்து ஆட்டம் ஆடணும்."

"இப்பவா? மானம் கெட்டவளே, பிஷி நாள்ல..." என்றாள் பிரமிளா.

"நான்தானே உங்க காசை அடிச்சேன்? உங்க கண்ணு முன்னாடி அடிக்கிறேன், பாருங்க. ஆளுக்கு ஐநூறு வைங்க. போன்ல எப்படியோ அப்படியே. ஆட்டத்துக்கு ஐம்பது. ஜெயிச்சவளுக்கு ஆப்காரன் என்ன பரிசு போடுவான்?"

"நூத்தியெழுபது" என்றாள் மந்தா. அது திரையில் பச்சைக் கட்டத்தில், மத்தாப்பூச் சிதறலோடு வரும். எல்லோருக்கும் மனப்பாடம்.

"சுஷமா வஹினி, நாலு ஐம்பது எவ்வளவு?"

சுஷமா விரலை மடக்கினாள். முப்பது வருஷக் காசாளர்.

"இருநூறு" என்றாள் கடைசியில், யாரோ அவளைக் கிள்ளியதுபோல.

"மிச்சம் முப்பது இந்த டப்பாவுல."

ஆடினார்கள். நாங்கள் ஏழு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. பிரமிளாவுக்கு அன்று சீட்டு கொட்டியது. பத்தில் நாலு அவளுடையது. ஒவ்வொரு தடவையும் "பாத்தியா!" என்று ஹேமலதாவைப் பார்த்தாள். மற்ற மூவருக்கும் ஆளுக்கு இரண்டு. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வைஜயந்தி, யாரும் சொல்லாமலே, பழைய உற்சாகத்தோடு முப்பது ரூபாயை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"எண்ணுங்க" என்றாள் ஹேமலதா.

ஹேமலதாவிடம் முந்நூற்று நாற்பது. சுஷமாவிடம் அதே. மந்தாவிடமும் அதே. மூவரும் ஆளுக்கு நூற்றறுபது தோற்றிருந்தார்கள். பிரமிளாவிடம் அறுநூற்று எண்பது, நூற்றெண்பது லாபம்.

"பாரு, நான் ஜெயிச்சிருக்கேன்" என்றாள் பிரமிளா.

"ஜெயிச்சீங்க. டப்பா எவ்வளவு ஜெயிச்சுது?"

வைஜயந்தி டப்பாவைக் கவிழ்த்தாள். முந்நூறு. ஒரு சீட்டும் கையில் பிடிக்காத டப்பா, நாலு ஆட்டம் ஜெயித்தவளை முந்திவிட்டது.

சுஷமா தனக்குள் கணக்குப் போட ஆரம்பித்தாள். "ஒரு நாளைக்கு பத்து ஆட்டம்... ரெண்டு மாசம்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஆனா சீட்டு கலைக்கிறதுல தில்லுமுல்லு..." என்றாள் பிரமிளா, பழைய பிடியை விடாமல்.

"ஏன் பண்ணணும்? நீங்க ஜெயிச்சா அவனுக்கு முப்பது. நான் ஜெயிச்சாலும் முப்பது. யார் ஜெயிக்கிறான்னு அவனுக்கு என்ன கவலை? நாம விடாம ஆடணும், அவ்வளவுதான். சீட்டை நேர்மையாக் கலைக்கிறேன்னான், கலைச்சான். உங்க காசைத் திருப்பித் தர்றேன்னு எப்ப சொன்னான்?"

அப்போதுதான் வைஜயந்திக்கு இரண்டு மாத ஆத்திரம் பீறிட்டது. "என் டப்பாவுல பத்து ரூபா போட வயிறெரிஞ்சுது உங்களுக்கெல்லாம்! முகம் தெரியாதவனுக்கு முப்பது முப்பதா அழுதீங்களே, அவன் ஒரு வாய் டீ குடுத்தானாடி? பஜ்ஜி குடுத்தானா?"

"உங்க டீயைப் பத்திப் பேச வேண்டாம் வஹினி" என்றாள் மந்தா. யாரோ சிரித்தார்கள். அது நானாகவும் இருக்கலாம்.

பிரமிளா பையைத் திறந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவள் குடும்பத்திலேயே அந்த வழக்கம் கிடையாது. பணக்கட்டை ஹேமலதாவின் மடியில் வைத்து, "எண்ணிக்கோ" என்று மட்டும் சொன்னாள். ஹேமலதா நிதானமாக, எல்லோரும் பார்க்க, எண்ணினாள்.

திங்கள்கிழமை காலை அவளும் ருசாவும் லிஃப்டில் இறங்கினார்கள். நான் தற்செயலாகக் கோலமாவு டப்பாவோடு வாசலில் நின்றேன். ருசா ஆட்டோ பார்க்க ஓடியதும் மெல்லக் கேட்டேன். மனசு கேட்கவில்லை.

"உண்மையைச் சொல்லு. நீ எப்படி? ஜெயமா, நஷ்டமா?"

அவள் குடையை விரித்துக்கொண்டே சொன்னாள். "நாலு பேர்ல நான்தான் அதிகம் ஜெயிச்சேன் வஹினி. நாலு ஆட்டத்துக்கு ஒண்ணுக்கு மேலேயே வந்துது. அவங்க சந்தேகப்பட்டதுல தப்பில்ல."

"அப்போ?"

"அப்படியும் அறுநூறு ரூபா போச்சு."

ஆட்டோ வந்தது. போய்விட்டாள். இப்போதெல்லாம் மத்தியானம் வைஜயந்தி வீட்டில் மறுபடி ஆட்டம் நடக்கிறது, ஹேமலதா இல்லாமல். டப்பாவுக்கு ஆட்டத்துக்குப் பதினைந்து ரூபாய் ஆக்கிவிட்டாள் வைஜயந்தி, விலைவாசியாம். முப்பதுக்குப் பதினைந்து மலிவுதானே என்று சுஷமாவே கணக்குச் சொன்னாளாம்.

பிரமிளா அங்கே போவதில்லை. மூன்றாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். தெரியாத ஆட்களோடு ஆடும் பெரிய மேசைக்குப் போய்விட்டாளாம். அங்கே எல்லாம் சான்று பெற்றது, நம்பி ஆடலாம் என்று மந்தாவிடம் சொல்லியிருக்கிறாள். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் மேலே இருந்து அந்த 'ஸ்லிக்' சத்தம் கேட்கிறது.