மாப்பிள்ளை கொடுத்த மாத்திரை

மாமனார் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளைக்கு எங்கே போனாலும் இரண்டு வேலை. ஒன்று வெளியே போய்ச் சம்பாதிப்பது. இன்னொன்று உள்ளே வந்து வாயைத் திறக்காமல் இருப்பது. முதல் வேலையை அவன் சிமெண்ட் குடோனில் லாரிக்கு மூட்டை ஏற்றிச் செய்தான். இரண்டாவதைக் கல்யாணமான நாளிலிருந்து செய்துகொண்டிருந்தான். குடோனில்கூட அவனுக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவனுடைய சொந்தப் பெயர் மேஸ்திரிக்கே மறந்து போயிருந்தது.

சிமெண்ட் சுமக்கிறவன் உடம்பு அரிக்கும். வேர்வையில் தூள் ஊறிக் கழுத்தும் அக்குளும் தடித்துப் போகும். அதற்கு ஒரு மாத்திரை உண்டு. மருந்துக் கடையில் சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள். குடோனில் அது பீடி மாதிரிக் கைமாறும் சமாச்சாரம். வேலை முடிந்து ஒன்றைப் போட்டுக்கொண்டால் அரிப்பும் அடங்கும், அடித்துப் போட்டாற்போல் தூக்கமும் வரும்.

வீட்டுப் பெரியவர், மாமனாருக்கும் அரிப்பு வந்தது. குவாரியில் கல்லுடைத்த உடம்பு. எண்பதை நெருங்கியதும் தோல் வறண்டு காகிதமாகிவிட்டது. இரவெல்லாம் சொறிந்தார், புரண்டார், மகளை எழுப்பினார். மாப்பிள்ளை ஒருநாள் யாரையும் கேட்காமல் தன் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்தான். சொறிவது நின்றது. விடிந்ததும் பெரியவர், "நல்லாத் தூங்கினேன் மாப்ள. இந்த வீட்ல எனக்குன்னு யோசிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவன் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அது. மறுநாளிலிருந்து காலையிலும் ஒன்று, ராத்திரியிலும் ஒன்று கொடுக்க ஆரம்பித்தான். மனைவியிடம் சொல்ல வேண்டிய விஷயமாகவே அது அவனுக்குத் தோன்றவில்லை.

நாலு நாள் போயிருக்கும். பெரியவர் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே, வாயில் சோற்றோடு தூங்கினார். எழுப்பினால் எரிந்து விழுந்தார். படுக்கை நனைய ஆரம்பித்தது. அப்புறம் ஒரு விடுமுறை நாளில், மகள் முகம் கழுவிவிடப் போனபோது, "யாரும்மா நீ, குவாரி கேன்டீன்ல புதுசா?" என்று கேட்டுவிட்டு, போர்வையிலிருந்து இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் பஸ் டிரைவர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து சேர்ந்தான்.

"அப்பா, என்னைத் தெரியுதா?"

பெரியவர் கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டார். "வெடி வச்சிருக்கான். தள்ளி நில்லு" என்றார். பிறகு வாசற்படியில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்ததும் முகம் மாறியது. "இவனை உள்ள விடாதே. இவன் என் வாயில என்னத்தையோ போடறான். என்னை முடிக்கப் பார்க்கறான்."

மச்சான் மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தான். "என்ன மாப்ள, அப்பாவுக்குப் புத்தி தடுமாறினாலும் ஆளை மட்டும் கரெக்டா கண்டுபிடிக்கிறாரே."

"அண்ணே, பேச்சுக்கு இது நேரமா?" என்றாள் தங்கை.

"நான் சும்மா சொன்னேன்மா. வயசாயிடுச்சு, மூளை கழண்டுருச்சு. இனிமே இப்படித்தான். என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்க இருந்தா இன்னும் என்னென்ன வாய்ல விழுமோ."

"போன வாரம் ரேடியோவைப் பிரிச்சுக் கம்பியை ஒட்டி மறுபடி பாட வச்ச மனுஷன். ஒரே வாரத்துல கழண்டுருமா? பல்லு விழறதுக்கே அதைவிட நாளாகுது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றாள்.

மாப்பிள்ளை ஆட்டோ பிடிக்க ஓடினான். சட்டைப் பையில் அந்த அட்டை நெஞ்சில் உரசியது. முதல் தடவையாக அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

அவசரப் பிரிவில் டாக்டர் அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். காய்ச்சல், பிரஷர், மூச்சுக்காற்றின் அளவு எல்லாம் பார்த்தாள். கை கால்களைத் தூக்கச் சொன்னாள், பல்லைக் காட்டச் சொன்னாள். "பக்கவாதம் மாதிரித் தெரியலை" என்றாள். "ஐயா, ஞாயித்துக்கிழமையிலிருந்து பின்னாடி சொல்லுங்க பார்ப்போம்."

"ஞாயிறு... சனி..." என்றவர் அப்படியே தூங்கிப்போனார்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"மூணு நாலு நாளா. ஒரு நேரம் நல்லாப் பேசுவாரு, அடுத்த நேரம் ஆளே வேறயா ஆயிடுவாரு" என்றாள் மகள்.

"அதுதான் முக்கியம். ஞாபக மறதி நோய் மாசக்கணக்கில, வருஷக்கணக்கில மெதுவா வரும். இப்படி நாலு நாள்ல வந்து, ஏறி ஏறி இறங்குச்சுன்னா உடம்புல வேற எதுவோ கெட்டிருக்குன்னு அர்த்தம். வயசானவங்களுக்கு உடம்புல எங்க கோளாறுன்னாலும் முதல்ல மூளைதான் கத்தும். மூத்திரம் போறாரா?"

"படுக்கையெல்லாம் நனைக்கிறாரே."

டாக்டர் வேட்டியைத் தளர்த்தி அடிவயிற்றில் கை வைத்தாள். தொப்புளுக்குக் கீழே ஒரு பந்து மாதிரி இறுகியிருந்தது. அழுத்தியதும் பெரியவர் தூக்கத்திலேயே முனகினார். "இது போறதில்லம்மா. நிரம்பின குடம் வழியறது. உள்ள அப்படியே தேங்கிக் கிடக்கு."

குழாய் போட்டார்கள். பை நிறைய நிறையக் கலங்கலாக வந்தது. நாற்றம் திரைச்சீலைக்கு வெளியேயும் அடித்தது.

"கிருமி" என்றாள் டாக்டர்.

"காய்ச்சலே இல்லையே டாக்டர்" என்றான் மச்சான்.

"இந்த வயசுல கிருமி காய்ச்சலைக் கூட்டிட்டு வரணும்னு கட்டாயம் இல்ல. சோதனைக்கு அனுப்பிட்டு மருந்தை ஆரம்பிச்சுடறேன். ஆனா மூத்திரம் ஏன் அடைச்சுதுன்னு தெரியணும். புதுசா ஏதாவது மாத்திரை? தூக்கத்துக்கு, சளிக்கு, வலிக்கு, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும்."

"பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்றான் மச்சான், வீட்டில் இல்லாதவன் சொல்கிற உறுதியோடு.

இதற்குள் பெரியவர் விழித்துக்கொண்டு குழாயை இழுக்க ஆரம்பித்திருந்தார். நர்ஸ் ஒரு கையைப் பிடித்தால் இன்னொரு கை போனது. கல்லுடைத்த கை. "டாக்டர், கையைக் கட்டிடவா? இல்ல தூங்கற ஊசி ஒண்ணு போட்டுடலாமா?"

"கட்ட வேண்டாம், இன்னும் மிரளுவாரு. ஊசியும் வேண்டாம். உள்ள ஏற்கெனவே என்ன மருந்து இருக்குன்னு தெரியாம மேல ஒண்ணைப் போட்டா எழுந்திருக்கவே மாட்டாரு." டாக்டர் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மாப்பிள்ளைக்கு யோசிக்க எதுவும் இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெட்டியைத் தூக்கித் தெருவில் வைப்பான் மச்சான். மனைவி எந்தப் பக்கம் நிற்பாள் என்பது நிச்சயமில்லை. சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை டாக்டர் இப்போதுதான் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை சட்டைப் பையில் கைவிட்டு அட்டையை எடுத்து நீட்டினான்.

"அரிப்புக்கு நான்தான் குடுத்தேன். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எட்டு நாள் இருக்கும். இன்னைக்குக் காலைலயும் குடுத்துட்டேன்."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தாள். முகத்தில் கோபம் இல்லை, வழி கிடைத்தவளின் அவசரம்தான் இருந்தது. "இது பழைய காலத்து அலர்ஜி மாத்திரை. உங்க உடம்பு தாங்கும். இவர் வயசுக்கு இது மூளையை மந்தமாக்கிடும், மூத்திரப்பையைச் சுருங்க விடாது. தேங்கின இடத்துல கிருமி வளரும், கிருமி சேர்ந்ததும் குழப்பம் இன்னும் ஏறும். இனிமே இது ஒண்ணுகூடக் கூடாது. நல்லவேளை சொன்னீங்க." எழுதிக்கொண்டே நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

வேலை அவளுக்கு முடிந்தது. மாப்பிள்ளைக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

வராந்தாவில் மச்சான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்கப்பன் பைத்தியம்னு நினைச்சேனேடா! அந்த மனுஷன் உள்ளதைச் சொல்லிருக்காரு! வாய்ல போடறான்னாரு, போட்டிருக்க!"

"போட்டேன். அரிப்புக்குப் போட்டேன். கொல்றதுக்கா போட்டேன்?"

"வித்தியாசம் என்னடா?"

மனைவி இருவருக்கும் நடுவில் வந்து அண்ணன் கையை விலக்கினாள். புருஷனிடம் திரும்பி, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? நான் என்ன, அந்த வீட்ல கதவா ஜன்னலா?" என்றாள். மச்சான் சட்டையைப் பிடித்ததைவிட அவனுக்கு அது வலித்தது.

"டிஸ்சார்ஜ் ஆனதும் அப்பா என் வீட்டுக்குத்தான்" என்றான் மச்சான்.

அதை டாக்டரிடமே போய்ச் சொன்னான். அவள், "இப்போதைக்கு இடம் மாத்தாதீங்க. பழகின அறை, பழகின முகம் வேணும். கண்ணாடியைப் போட்டுவிடுங்க. பகல்ல வெளிச்சம் படட்டும். இன்னைக்கு என்ன கிழமை, எங்க இருக்கோம்னு பக்கத்துல ஒருத்தர் சொல்லிட்டே இருங்க. சண்டை போடறவங்க வெளிய போய்ப் போடுங்க" என்றாள்.

மறுநாள் பெரியவர் காலையில் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாயங்காலம் அதே மகனிடம், "பஸ் எப்பய்யா கிளம்பும்?" என்று கேட்டு, டிக்கெட்டும் கேட்டார். இப்படித்தான் ஏறி இறங்கித் தெளியும், சிலருக்கு வாரக்கணக்கில்கூட ஆகும் என்றாள் நர்ஸ்.

அதற்கடுத்த நாள் மச்சானுக்கு டியூட்டி. தங்கை குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். வார்டில் நோயாளியோடு ஒரு ஆள்தான் இருக்கலாம், அதற்கு ஒரு பாஸ். மச்சான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்ற மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தான். வேறு ஆள் இல்லை. பஸ் காத்திருக்காது.

"தண்ணிகூட நர்ஸைக் கேட்டுட்டுக் குடு" என்று பாஸைத் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

பெரியவர் விழித்திருந்தார். மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டான். "இன்னைக்குப் புதன்கிழமை மாமா. இது ஆஸ்பத்திரி."

"தெரியுது. ஆஸ்பத்திரி நாத்தம் எனக்குத் தெரியாதா?" குரல் சன்னமாக இருந்தாலும் பழைய எரிச்சல் அதில் இருந்தது. "நான் உங்களை என்னென்னவோ சொன்னேனாமே. கொல்ல வந்தீங்கன்னு."

"சொன்னீங்க."

"பொய்யா?"

"மாத்திரை குடுத்தது நிஜம். அதனாலதான் இவ்வளவும். வேற நெனப்பு எதுவும் இல்ல மாமா."

பெரியவர் முழங்கையைச் சொறிந்தார். அவர் என்ன முடிவு செய்கிறார் என்று முகத்தில் எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளை காத்திருந்தான். இந்த மனுஷன் 'வெளிய போ' என்றால் போய்விடுவது என்று தீர்மானித்திருந்தான்.

"முதுகு வலிக்குது" என்றார் கடைசியில். "தூக்கி உட்கார வைங்க. மெதுவா. நான் ஒண்ணும் சிமெண்ட் மூட்டை இல்ல."

மாப்பிள்ளை குனிந்தான். பெரியவர் இரண்டு கைகளையும் அவன் கழுத்தில் போட்டு, முழு எடையையும் அவன் மேல் விட்டார்.